ஆறிப்போன தோசையும் எட்டுப் பேர் மேசையும்
(உணவக சேவை பயிலும் மாணவர்களுக்கான பாத்திரமேற்று நடிக்கும் பாடம்)

திருப்பூர்ப் பகுதியில் உணவக சேவையைத் தொழிற்பாடமாகப் படிக்கும் மாணவர்களிடம் ஒருமுறை ஒரு கேள்வி கேட்டேன். "தோசை ஆறிப்போச்சுன்னு ஒருத்தர் சத்தம் போடறாரு. நீங்க என்ன சொல்லுவீங்க?" வகுப்பு ஒரே குரலில் பதில் சொன்னது: "சாரி சொல்லிட்டு மாத்திக் குடுப்போம்." பதில் சரி. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் தரலாம். ஆனால் இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, எட்டுப் பேரை உட்கார வைத்து, அதே சூழலை நடிக்கச் சொன்னபோது அந்தப் பதில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒருவரின் கோபமும், எட்டுப் பேர் நடுவில் ஒருவருக்கு வரும் கோபமும் ஒன்றல்ல என்பதை அன்று நானும் மாணவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை மற்ற ஆசிரியர்களும் நடத்திப் பார்க்கும் வகையில் இங்கே தருகிறேன்.

சூழல் அட்டை

மாணவர்களிடம் கொடுக்க வேண்டிய அட்டை இது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டே கால் மணி. பனியன் கம்பெனிகள் சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுத்துவிட்டதால் ஓட்டல் நிரம்பி வழிகிறது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்ட இடத்தில் ஒரு குடும்பம். டெய்லர் வேலை பார்க்கும் ஒருவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், மைத்துனர் குடும்பத்தில் மூவர், உடுமலையிலிருந்து வந்திருக்கும் மாமியார். பரோட்டா, பிரியாணி, நெய் ரோஸ்ட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. மாமியாருக்கு வந்த ரவா தோசை மட்டும் ஆறி, தொய்ந்து கிடக்கிறது.

ஏன் ரவா தோசை? காரணம் இருக்கிறது. மெல்லிய தோசை, கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் சூட்டை இழந்துவிடும். முறுமுறுப்பு போனபின் அதை மறுபடி கல்லில் போட்டாலும் பழைய பதம் வராது. புதிதாக ஊற்றினாலோ, சாதாரண தோசையைவிட அதிக நேரம் வேக வேண்டும். அதாவது, "மாத்திக் குடுப்போம்" என்ற விடையே இங்கே ஒரு புதிய சிக்கலை உண்டாக்குகிறது. மாற்றித் தருவதற்குள் மற்ற ஏழு பேரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

முதல் நடிப்பு: மாணவர்கள் தாமாகச் செய்தது

முதல் முறை எதையும் சொல்லிக் கொடுக்காமல் நடிக்க விடுங்கள். எங்கள் வகுப்பில் நடந்தது ஏறக்குறைய இப்படி:

விருந்தினர்: தம்பி, இங்க வாங்க. இதென்ன தோசை? தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்குது.

சப்ளையர்: சாரி சார். இது யாரு ஆர்டர் பண்ணது?

விருந்தினர்: யாரு ஆர்டர் பண்ணா என்னங்க? எங்க அத்தை ஊர்ல இருந்து வந்திருக்காங்க. அவங்களுக்கு வெக்கற பொருளா இது?

சப்ளையர்: சார், இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, கூட்டம் ஜாஸ்தி. தோசைக்கு மாஸ்டர் ஒருத்தர்தான்.

விருந்தினர்: கூட்டம்னா எங்களுக்கு ஆறிப்போனதுதானா? நாங்க காசு குடுக்கறதில்லையா?

சப்ளையர்: மாத்தித் தர்றேன் சார். ஒரு பத்து நிமிஷம்.

விருந்தினர்: பத்து நிமிஷமா! நாங்கெல்லாம் தின்னு முடிச்சு எந்திரிச்சப்புறம் அவங்க மட்டும் ஒக்காந்து தின்பாங்களா?

மாமியார்: விடுங்க மாப்பிள்ளை, நான் இதையே தின்னுக்கறேன்.

விருந்தினர்: நீங்க சும்மா இருங்க அத்தை. தம்பி, உங்க மேனேஜரைக் கூப்புடுங்க!

இந்த இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவருக்கு எதனால கோபம்?" முதலில் எல்லோரும் "தோசை ஆறிப்போனதால" என்பார்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். எங்கள் வகுப்பில் அன்று விருந்தினராக நடித்தது ஒரு மாணவி. அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "தோசைக்காக இல்லைங்க சார். எங்கப்பாவும் டெய்லருங்க. எப்பவாவது ஒரு நாள்தான் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அன்னைக்கு ஆயா முன்னாடி இப்படி ஆனா அவருக்கு அசிங்கமா இருக்கும்ல?"

பாடத்தின் மையம் இதுதான். நிறைந்த மேசையில் கோபப்படுகிறவர் பெரும்பாலும் விருந்து கொடுப்பவர். அவர் சாப்பாட்டை இழக்கவில்லை. எல்லோர் முன்னாலும் தன் இடத்தை இழந்துகொண்டிருக்கிறார். மாமியார் "நான் இதையே தின்னுக்கறேன்" என்று சொன்னதும் கோபம் ஏன் இன்னும் ஏறியது என்பதை மாணவர்கள் அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். அவர் விட்டுக்கொடுத்தால் மருமகனின் மானம் இன்னும் கீழே போகிறது.

இந்தப் பார்வையோடு முதல் உரையாடலைத் திரும்பப் படித்தால் பிழைகள் தாமே தெரியும். "யாரு ஆர்டர் பண்ணது?" என்பது சப்ளையருக்குத் தட்டை யாரிடம் வைத்தோம் என்று சரிபார்க்கும் கேள்வி; விருந்தினர் காதில் அது குற்ற விசாரணையாக விழுகிறது. "கூட்டம் ஜாஸ்தி" என்பது உண்மை. ஆனால் உண்மையாக இருப்பதாலேயே அது சமாதானம் ஆகிவிடாது. "உங்களைவிட எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது" என்றுதான் கேட்கிறது. மாஸ்டரைக் காட்டிக்கொடுப்பதால் விருந்தினருக்கு ஒரு பயனும் இல்லை, உள்ளே ஒரு பகைதான் மிச்சம். திருப்பூர் மாணவர்களுக்கு இதை விளக்க நான் செக்கிங் மேசையைச் சொன்னேன். ஓட்டை விழுந்த பனியனைக் காட்டினால், மிஷின் பழசு என்று எந்த பையரிடமும் யாரும் சொல்வதில்லை. பீஸைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன என்றுதான் பேசுகிறார்கள்.

இரண்டாவது நடிப்பு

இப்போது அதே காட்சியைக் கீழ்க்கண்டவாறு நடிக்கச் செய்தோம். சப்ளையர் தூரத்தில் நின்று பதில் சொல்லாமல் விருந்தினரின் பக்கவாட்டில் வந்து, சற்றுக் குனிந்து நிற்கிறார். எதிரே நின்றால் அது மோதும் நிலை. தலைக்கு மேல் நின்று பேசினாலும் அப்படியே.

விருந்தினர்: தம்பி, இதென்ன தோசை? ஐஸ் மாதிரி இருக்குது.

சப்ளையர்: (தட்டைப் பார்த்து) ஆமாங்கண்ணா, ஆறித்தான் போயிருக்குது. அம்மாவுக்கு இப்படி வெச்சது எங்க தப்புங்க. மன்னிச்சுக்கங்க. (மாமியாரிடம்) அம்மா, இதைச் சாப்பிட வேண்டாங்க. நான் எடுத்துக்கறேன்.

விருந்தினர்: எடுத்துட்டுப் போயி எப்பக் கொண்டு வருவீங்க? நாங்க முடிச்சப்புறமா?

சப்ளையர்: ரவா தோசை புதுசா ஊத்தி எடுக்க எட்டு நிமிஷம் ஆகுங்கண்ணா. அதுவரைக்கும் அம்மா சும்மா உக்காந்திருக்க வேண்டாம். இட்லி சூடா இருக்குது, ரெண்டு நிமிஷத்துல வந்துரும். இட்லி வெச்சுட்டு, தோசையைப் பின்னாடியே கொண்டு வரட்டுங்களா? இல்ல, தோசை மட்டும் போதுங்களா?

விருந்தினர்: (மாமியாரிடம்) அத்தை, இட்லி சாப்பிடறீங்களா?

மாமியார்: ரெண்டு இட்லி போதும் மாப்பிள்ளை. தோசையெல்லாம் வேண்டாம்.

சப்ளையர்: சரிங்கம்மா. தோசையைப் பில்லுல எடுக்கறதுக்கு சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேனுங்கண்ணா. மத்தவங்களுக்கெல்லாம் சூடா இருக்குதுங்களா?

சிறுவன்: என்ற சால்னாவும் ஆறிப்போச்சு!

சப்ளையர்: சரி தம்பி, சூடா கொண்டு வர்றேன்.

(இரண்டு நிமிடத்தில் இட்லியும் சால்னாவும் வருகின்றன.)

சப்ளையர்: அம்மா, சூடா இருக்குது, பாத்துங்க. அண்ணா, சூப்பர்வைசர் தோசையை எடுத்துரச் சொல்லிட்டாரு.

(சிறிது நேரம் கழித்து மறுபடி வந்து)

சப்ளையர்: இப்ப எல்லாம் சரியா இருக்குதுங்களா?

விருந்தினர்: ம். சரியா இருக்குது.

சப்ளையர்: உடனே சொன்னதுக்கு நன்றிங்கண்ணா.

இந்த உரையாடலில் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, "ஆறித்தான் போயிருக்குது" என்று ஒப்புக்கொள்வது. மன்னிப்புக்கு முன்னால் இது வர வேண்டும். வெறும் "சாரி" எதற்கு என்று தெரியாமல் காற்றில் போய்விடும். கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டபின் விருந்தினர் நிரூபிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. குரல் ஒரு படி இறங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, முடிவை விருந்தினர் கையில் கொடுப்பது. இரண்டு வழிகள், ஒவ்வொன்றுக்கும் உண்மையான நேரம். அவர் மாமியாரிடம் திரும்பி "இட்லி சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறார் பாருங்கள், அங்கே அவர் மறுபடி விருந்து கொடுப்பவர் ஆகிவிட்டார். சப்ளையரே நேராக மாமியாரிடம் கேட்டு முடித்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் நேரத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. எட்டு நிமிடம் ஆவதை ஐந்து என்று சொன்னால், ஆறாவது நிமிடத்தில் இரண்டாவது சண்டை தொடங்கும். முதல் கோபத்துக்கு மன்னிப்பு உண்டு. வாக்குத் தவறிய கோபத்துக்குக் கிடையாது.

மூன்றாவது, மேசை முழுவதையும் கேட்பது. "கேட்டால் எல்லோரும் குறை சொல்லுவாங்க சார்" என்று மாணவர்கள் பயப்படுவார்கள். சிறுவன் சொல்லத்தான் செய்தான். ஆனால் அந்தக் குறை இப்போது ஒரு கிண்ணம் சால்னாவோடு முடிகிறது. கேட்காமல் விட்டிருந்தால் பத்து நிமிடம் கழித்து, "இதுவும்தான் ஆறிப்போச்சு" என்று பழைய கணக்கோடு சேர்ந்து வரும்.

சமையலறைக்குத் திரும்பியபின்

நடிப்பு மேசையோடு முடிந்துவிடக் கூடாது. எடுத்து வந்த தட்டு என்ன ஆகிறது என்பதையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேசைக்குப் போய்வந்த உணவைச் சூடாக்கி மறுபடி அனுப்பக் கூடாது. அதைக் கழித்துவிட வேண்டும். ஆறிப்போனது எது என்பதையும் மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். தோசை ஆறியது பெரும்பாலும் சுவைக் குறைதான். சால்னா ஆறியது வேறு. சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதற்குக் கீழே நெடுநேரம் நின்றால் நுண்ணுயிர்கள் பெருகும். ஒரு கிண்ணம் சால்னா ஆறியிருந்தால், கிண்ணம்தான் மேசையில் காத்திருந்ததா, அல்லது பாத்திரமே சூடு குறைந்துவிட்டதா என்று உள்ளே பார்க்கச் சொல்வது சப்ளையரின் கடமை.

பிறகு காரணம். எட்டுப் பேர் ஆர்டர் ஒரே சீட்டில் போகிறது. ஆனால் தோசைக்கல், பரோட்டாக்கல், பிரியாணி அண்டா என்று மூன்று இடங்களில் வேலை நடக்கிறது. தோசை முதலில் தயாராகி, மற்றவற்றுக்காகக் காத்திருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும் என்று சப்ளையர் நினைத்தது நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம்தான் தோசையை ஆற வைத்தது. மற்றவை தயாராகும் நேரம் பார்த்துத் தோசையை ஊற்றச் சொல்வது, அல்லது தோசை வந்தவுடன் அதை மட்டும் முதலில் கொண்டுபோய் வைத்து, "மத்ததெல்லாம் இதோ வருதுங்க" என்று சொல்வது: இந்த இரண்டில் ஒன்றை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். எங்கள் வகுப்பில் கண்டுபிடித்தார்கள்.

வகுப்பில் நடத்தும் முறை

ஒரு பாடவேளைக்கு மூன்று நடிப்புகள் போதும். இந்தப் பாடம் பொய்யாகிவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு தேவை. விருந்தினராக நடிப்பவர் நண்பன் மேல் இரக்கப்பட்டு உடனே தணிந்துவிடுவார். அல்லது வகுப்பைச் சிரிக்க வைக்கத் தணியவே மாட்டார். எனவே அவருக்கு மட்டும் ஒரு ரகசிய அட்டை கொடுங்கள். தவறை ஒப்புக்கொண்டால் ஒரு படி இறங்கு. தெரிவு கொடுத்தால் ஒரு படி இறங்கு. மாமியாரைக் கவனித்தால் ஒரு படி இறங்கு. சாக்குச் சொன்னாலோ, பிறர் மேல் பழி போட்டாலோ ஒரு படி ஏறு. இப்படிச் செய்தால் கோபம் தணிவது நடிப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல், சப்ளையர் செய்ததைப் பொறுத்ததாகிறது. வார்த்தைகள் எதைச் செய்கின்றன என்பதை மாணவர் கண்ணால் பார்க்கிறார்.

மேசையைச் சுற்றி உண்மையான இரைச்சல் இருக்கட்டும். மற்ற ஏழு பேரும் வாய் மூடி உட்காரக் கூடாது. பேச வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், சிறுவன் அழ வேண்டும். பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் "பில்லு" என்று கூப்பிட வேண்டும். அமைதியில் பழகிய பேச்சு கூட்டத்தில் உதவாது.

பார்வையாளர்களுக்கும் வேலை உண்டு. பிரேசில் நாட்டு நாடக ஆசிரியர் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற நாடக முறையில், பார்ப்பவர் நடிப்பை நிறுத்தி, தானே மேடையேறி அந்தப் பாத்திரத்தை வேறுவிதமாக நடித்துக் காட்டலாம். அதையே இங்கே பயன்படுத்தினோம். யாராவது கை தட்டினால் எல்லோரும் உறைந்து நிற்க வேண்டும். தட்டியவர் சப்ளையரின் இடத்துக்கு வந்து, அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் பேச வேண்டும். "நீ தப்பாச் சொன்னே" என்ற விமர்சனத்துக்கு இடமே இல்லை. மாற்றுவழி தெரிந்தவர் செய்து காட்டலாம். கூச்சமுள்ள மாணவர்கள்கூட ஒரு வரிக்காக எழுந்து வந்தார்கள்.

எல்லை எங்கே

கோபத்தைப் பொறுப்பதும் அவமானத்தைப் பொறுப்பதும் வேறு. இதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பது மாணவருக்குச் செய்யும் தீங்கு. சிரித்த முகத்தை வேலையின் ஒரு பகுதியாக விற்க வேண்டியிருக்கும் பணிகளைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1983-இல் ஒரு நூல் எழுதினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதியது. உணர்ச்சியை அடக்கி வேறு உணர்ச்சியைக் காட்டுவதும் உழைப்புத்தான், அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. எட்டு மணி நேரம் தட்டு சுமந்த கைக்கு வலி இருப்பதுபோல இதற்கும் வலி உண்டு.

எனவே மூன்றாவது நடிப்பில் விருந்தினரை எல்லை மீறச் சொல்லுங்கள். கெட்ட வார்த்தை, "நீ யாரு வீட்டுப் பையன்?" என்று சாதியைத் துருவும் கேள்வி, கையைப் பிடித்து இழுப்பது, இவற்றில் ஒன்று. அங்கே பயிற்சியாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓரடி பின்னால் நகர்ந்து, குரல் உயர்த்தாமல், "சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு நகர்வது. பதில் சொல்ல வேண்டாம், விளக்க வேண்டாம், தனியாக அங்கே நிற்கவும் வேண்டாம். மாணவிகளுக்கு இதை இரண்டு முறை நடிக்க வாய்ப்புக் கொடுங்கள். மேசையை விட்டு நகர்ந்து போவது தோல்வி என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது வேலை விதி என்று உடம்புக்குப் பழக வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவது, பில்லைக் குறைப்பது போன்றவற்றைத் தானே வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் இதே எல்லைக்குள் வரும்.

முடிந்ததும் நடித்தவர்கள் எழுந்து நின்று தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிப் பாத்திரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். திட்டியவரும் திட்டு வாங்கியவரும் ஒரே பெஞ்சில் மறுநாள் உட்கார வேண்டியவர்கள் அல்லவா?

மதிப்பீட்டுக்கு நான் வைத்த கேள்வி ஒன்றுதான். "இந்த மேசையில இருந்து எந்திரிச்சுப் போகும்போது அந்த மருமகன் மாமியார்கிட்ட என்ன சொல்லுவாரு? ஒரு வரி எழுதுங்க." முதல் நடிப்புக்குப் பிறகு பலர் எழுதியது, "இனிமே இந்த ஓட்டலுக்கு வரவே கூடாது." இரண்டாவது நடிப்புக்குப் பிறகு, தன் அப்பாவைப் பற்றிச் சொன்ன அந்த மாணவி எழுதியது இது: "அத்தை, இட்லி நல்லா இருந்துச்சுங்களா?"